வயல் பார்வை அறிக்கையை மதிப்பிடுதல்: பரிந்துரையிலிருந்து பின்னோக்கி

வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களை வயலுக்கு அழைத்துச் சென்று வந்த பிறகு, இருபது முப்பது அறிக்கைகள் மேசைக்கு வந்து சேர்கின்றன. அட்டை, பொருளடக்கம், முன்னுரை, ஒட்டிய படங்கள், நன்றியுரை எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ‘பரிந்துரைகள்’ என்ற தலைப்பில் நான்கைந்து வரிகள் இருக்கும். பெரும்பாலும் நாம் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, கையெழுத்தையும் படத்தையும் பார்த்து, அந்த வரிகளுக்கு வரும்போது மனத்தில் ஒரு மதிப்பெண்ணை முடிவு செய்திருப்போம்.

நான் சில ஆண்டுகளாக இந்த வரிசையை மாற்றிப் படித்து வருகிறேன். முதலில் பரிந்துரைப் பக்கத்தைத் திறக்கிறேன். அங்கே உள்ள ஒவ்வொரு பரிந்துரைக்கும் அடிப்படையான அளவீடு அறிக்கையில் எங்கே இருக்கிறது என்று பின்னோக்கித் தேடுகிறேன். அளவீடு கிடைத்தால், அது எந்த இடத்தில், எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்கிறேன். அதற்கும் பின்னால் போய், மாணவர் கண்ணால் கண்டது என்ன என்று பார்க்கிறேன். இந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கேதான் மதிப்பெண் குறைய வேண்டும். காரணம் எளிது. நாம் பார்க்கப் போகும் வயல் ஒருவருடைய பிழைப்பு. மாணவர் எழுதும் பரிந்துரையை அந்த விவசாயி கேட்டு நடந்தால், அவர் கையிலிருந்து பணம் செலவாகும்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு குறுவை நெல் வயலைப் பார்த்து பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய அறிக்கைகளை வைத்து இதை விளக்குகிறேன். ரகம் ஆடுதுறை 43. ஏறத்தாழ 110 நாள் பயிர். நாங்கள் போனது நடவு செய்த 25ஆம் நாள். பயிரின் வயதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அறிக்கையில் எது உண்மை, எது புத்தகத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் பயிரின் வயதுதான்.

அறிக்கை ஒன்றில் இப்படி எழுதப்பட்டிருந்தது: ‘வயலில் தண்டு துளைப்பான் தாக்குதல் காணப்பட்டது. நடுக்குருத்து காய்ந்தும், வெண்கதிர்கள் தோன்றியும் இருந்தன.’ நட்ட 25ஆம் நாளில் பயிர் தூர் கட்டிக்கொண்டிருக்கும். கதிரே வராத பயிரில் வெண்கதிர் எப்படி வரும்? குருத்துப்பூச்சி என்று விவசாயிகள் சொல்லும் தண்டு துளைப்பான், பயிர் இளமையாக இருக்கும்போது தாக்கினால் நடுக்குருத்து காய்கிறது. கதிர் வெளிவரும் பருவத்தில் தாக்கினால்தான் கதிர் பால் பிடிக்காமல் வெளுத்து நிமிர்ந்து நிற்கிறது. பாடநூலில் இரண்டும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவதால், மாணவர் இரண்டையும் எழுதிவிட்டார். எழுத்துப் பிழை இல்லாத, அழகான பத்தி அது. உற்றுநோக்கலுக்கு அதில் மதிப்பெண் இல்லை.

இன்னொரு மாணவி எழுதியது இது: ‘நடுவுல இருக்கிற குருத்து மட்டும் காஞ்சு பழுப்பா இருந்துச்சு. சுத்தி இருக்கிற இலை பச்சையா இருந்துச்சு. புடிச்சு இழுத்தா லேசா கையோட வந்துடுச்சு. அடியில கடிச்ச மாதிரி இருந்துச்சு.’ பேச்சு வழக்கு, ஒரு தொழிற்சொல்கூட இல்லை. ஆனால் உற்றுநோக்கல் முழுமையாக இருக்கிறது. ஏனெனில், குருத்து காய்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. எலி வெட்டினால் தண்டு சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடக்கும். ஆனைக்கொம்பன் தாக்கினால் குருத்து வெங்காயத் தாள்போல் வெளிறிய குழலாக நீளும். இழுத்துப் பார்த்ததும், அடியில் கடித்த அடையாளத்தைப் பார்த்ததும்தான் இது குருத்துப்பூச்சி என்று சொல்ல வைக்கின்றன. அந்த மாணவிக்கு உற்றுநோக்கலில் முழு மதிப்பெண் கொடுத்தேன். மொழிநடைக்குத் திருத்தம் சொல்லலாம், சொன்னேன். அதற்காக இந்தப் பகுதியில் மதிப்பெண்ணைக் குறைத்தால், அடுத்த முறை அவரும் பாடநூலைப் பார்த்து எழுதுவார்.

கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதச் சொல்வது உதவும். ‘இலைகளில் தழைச்சத்துக் குறைபாடு காணப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். குறைபாடு கண்ணுக்குத் தெரியாது; மஞ்சள் நிறம்தான் தெரியும். எந்த இலை மஞ்சள் என்று எழுதச் சொல்லுங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம். மேலே உள்ள இளம் இலைகள் முதலில் வெளுத்தால் இரும்பு, கந்தகம் என்று வேறு பக்கம் யோசிக்க வேண்டும். ‘எந்த இலை?’ என்ற ஒரு கேள்வியைத் திருத்தும்போது ஓரத்தில் எழுதிவிட்டால் போதும், அடுத்த அறிக்கையில் மாற்றம் தெரியும்.

இனி அளவீட்டுக்கு வருகிறேன். மதிப்பிடுவதில் அதிக நேரம் எடுக்க வேண்டிய பகுதி இதுதான்.

எங்கள் குழுக்கள் வயலில் மூலைவிட்டமாக நடந்து ஐந்து இடங்களில் நின்றன. ஒவ்வோர் இடத்திலும் நான்கு குத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொரு குத்திலும் உள்ள மொத்தத் தூர்களையும் குருத்து காய்ந்த தூர்களையும் எண்ணின. மொத்தம் 20 குத்துகள். ஒரு குழுவின் குறிப்பேட்டில் இருந்தது இது: முதல் இடத்தில் 46 தூர்களில் 1 காய்ந்தது, இரண்டாம் இடத்தில் 52இல் 3, மூன்றாம் இடத்தில் 44இல் ஒன்றுமில்லை, நான்காம் இடத்தில் 51இல் 4, ஐந்தாம் இடத்தில் 47இல் 1. கூட்டினால் 240 தூர்களில் 9 காய்ந்தவை. இந்த ஒன்பதும் ஏழு குத்துகளில் இருந்தன.

இந்த ஒரே எண்ணிக்கையிலிருந்து, அதே குழுவின் இரண்டு மாணவர்கள் இரண்டு எதிரெதிரான பரிந்துரைகளுக்குப் போனார்கள்.

முதல் மாணவர் எழுதினார்: ‘20 குத்துகளில் 7 குத்துகள் பாதிக்கப்பட்டுள்ளன. பாதிப்பு 35 சதவீதம். பொருளாதாரச் சேதநிலை 10 சதவீதம். எனவே உடனடியாகப் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டும்.’

இரண்டாமவர் எழுதினார்: ‘240 தூர்களில் 9 தூர்களில் குருத்து காய்ந்துள்ளது. பாதிப்பு 3.75 சதவீதம். சேதநிலையான 10 சதவீதத்தைவிடக் குறைவு. இப்போது மருந்து தேவையில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் எண்ண வேண்டும்.’

இரண்டிலும் வகுத்தல் சரி. இரண்டிலும் ஒப்பீடு இருக்கிறது. மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் நல்ல அறிக்கைகள். ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குருத்துப்பூச்சிக்குச் சொல்லும் 10 சதவீதம் என்பது குருத்து காய்ந்த தூர்களின் அளவு. பாதிக்கப்பட்ட குத்துகளின் அளவு அல்ல. ஒரு குத்தில் பன்னிரண்டு தூர்கள் இருந்து ஒன்று மட்டும் காய்ந்தாலும், முதல் மாணவரின் கணக்கில் அந்தக் குத்தே போய்விட்டது. பயிருக்கு அப்படி நடப்பதில்லை. ஒரு தூர் போனால் பக்கத்தில் இன்னொரு தூர் கிளைக்கும் வயதில்தான் அது இருக்கிறது. மருந்து அடித்தால் செலவு ஒரு பக்கம். பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் அதன் முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணியும் சேர்ந்து சாகும் என்பது இன்னொரு பக்கம். அந்த வயல்காரர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்: “மருந்துக் கடையில அடிக்கச் சொல்றாங்க. நீங்க எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி, அப்புறம் பாக்கலாம்.” அவர் உண்மையிலேயே மாணவர்களின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஆகவே சதவீதம் கண்ட இடத்தில் நாம் கேட்க வேண்டியது, எதில் எத்தனை என்பது. சேதநிலை எந்த அலகில் சொல்லப்பட்டிருக்கிறதோ அதே அலகில் மாணவர் எண்ணியிருக்கிறாரா? குருத்துப்பூச்சியிலேயே முட்டைக்குவியலுக்கு அளவு சதுர மீட்டருக்கு 2 என்று இருக்கிறது. இலைச்சுருட்டுப்புழு என்றால் பாதிக்கப்பட்ட இலைகளின் சதவீதம். புகையான் என்றால் தூருக்கு இத்தனை பூச்சி என்ற கணக்கு. பூச்சிக்குப் பூச்சி அலகு மாறுகிறது. மாணவர் எல்லாவற்றையும் ‘சதவீதம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்.

முதல் மாணவருக்கு எவ்வளவு மதிப்பெண்? 20 மதிப்பெண்ணில் உற்றுநோக்கலுக்கு 5, அளவீட்டுக்கு 8, பரிந்துரைக்கு 7 என்று நான் பிரித்துக்கொள்கிறேன். அவர் வயலில் எண்ணியது சரி, குறிப்பேடு சரி. ஆகவே அளவீட்டில் 8க்கு 5 கொடுத்தேன். போனது கணக்கிட்ட விதத்துக்கான மதிப்பெண் மட்டும். பரிந்துரையில்தான் எனக்கும் எங்கள் கணித ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. முதல் படியில் தவறியவர் அடுத்த படிகளை முறையாகச் செய்திருந்தால் அந்தப் படிகளுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும் என்பது அவர் வாதம். கணிதத்தில் அது நியாயம். இங்கே நான் 7க்கு 3தான் கொடுத்தேன். 35 சதவீதம் என்ற எண் வந்தவுடன், கண் முன்னே நின்ற வயலை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குருத்துகள் காய்ந்த வயல் வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும். அன்று நாங்கள் காய்ந்த குருத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தோம். கிடைத்த எண்ணைக் கண்டதோடு ஒப்பிடுவதும் இந்தப் பயிற்சியின் பகுதி என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் 4 வரை போகலாம். முழு மதிப்பெண்ணுக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் மாணவரின் அறிக்கையிலும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. நான்காம் இடத்தில் 51இல் 4 என்பது ஏறத்தாழ 8 சதவீதம். மூன்றாம் இடத்தில் ஒன்றுமே இல்லை. சராசரி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அந்தக் குழுவில் வேறொரு மாணவி குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘4ஆவது இடம் மோட்டார் கொட்டகைப் பக்கம். ராத்திரி பல்பு எரியுமாம்.’ குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வரும். ஒரே ஒரு வயலில், ஒரே ஒரு மூலையில் கிடைத்த நான்கு தூர்களை வைத்து அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடுத்த வாரம் எண்ணும்போது அந்தப் பக்கத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினால், அது வயலைப் பார்த்தவரால் மட்டுமே எழுதக்கூடிய பரிந்துரை. சராசரியோடு ஐந்து இடங்களின் தனித்தனி எண்களையும் அறிக்கையில் கேட்டு வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

இருபது குத்துகள் போதுமா என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. 3.75 என்பது 10இலிருந்து நன்றாகத் தள்ளி நிற்பதால் இங்கே போதும். 9 என்றோ 11 என்றோ வந்திருந்தால் போதாது. ஓரிரு தூர்கள் கூடினாலோ குறைந்தாலோ முடிவு மாறிவிடும். அந்த நிலையில் இன்னொரு மூலைவிட்டத்தில் நடந்து மேலும் இருபது குத்துகளை எண்ணச் சொல்ல வேண்டும். எல்லைக்கு அருகில் எண் வந்தபோது, மீண்டும் எண்ணிய பிறகே முடிவு செய்யலாம் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தால் தயங்காமல் முழு மதிப்பெண் தரலாம்.

அளவீடு உண்மையில் எடுக்கப்பட்டதா என்பதை எப்படி அறிவது? சில அடையாளங்கள் உண்டு. ஐந்து இடங்களிலும் 50, 50, 48, 50, 50 என்று எண்கள் வந்தால் சந்தேகப்படுங்கள். வயல் அப்படி இருக்காது. குத்துக்கு 25 தூர்கள் என்று எழுதியிருந்தால், வரப்பில் நின்றபடி ஓரக் குத்துகளை எண்ணியிருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். ஓரத்தில் வெயிலும் இடமும் அதிகம் கிடைப்பதால் அங்கே தூர் அதிகம் கட்டும். அது உள்வயலின் நிலையைக் காட்டாது. குறைந்தது இரண்டு மீட்டர் உள்ளே இறங்கச் சொல்லுங்கள். சேற்றில் இறங்கத் தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. இதற்காகவே வயலில் எழுதிய தாளை அப்படியே அறிக்கையோடு இணைக்கச் சொல்கிறேன். சேறு பட்டிருந்தால் பரவாயில்லை. அடித்து எழுதியிருந்தால் இன்னும் நல்லது. படி எடுத்து எழுதிய சுத்தமான தாளை இணைத்தால் அளவீட்டில் ஒரு மதிப்பெண் குறையும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்.

அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் வயல்காரர் நிலத்தை மாவில் சொல்வார், விளைச்சலை மூட்டையில் சொல்வார். இந்த வயல் ‘ரெண்டு மா’. ஒரு மா 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். ஆக 66 சென்ட். ஓர் அறிக்கையில் அது 2 ஏக்கர் ஆகியிருந்தது. அந்த அறிக்கையில் சொன்ன உரத்தின் அளவை அப்படியே வாங்கினால் தேவையைப்போல் மூன்று மடங்கு செலவு. இதைத் தவிர்க்க ஒரு குழுவினர் அடியெடுத்து அளந்தார்கள். முதலில் 20 மீட்டர் நாடாவை நீட்டி அதில் நடந்து பார்த்தார்கள். 30 அடிகள் வந்தன. பிறகு வயலின் நீளத்துக்கு 114 அடி, அகலத்துக்கு 53 அடி. அதாவது சுமார் 76 மீட்டருக்கு 35 மீட்டர். 2,660 சதுர மீட்டர், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்ற கணக்கில் ஏறத்தாழ 66 சென்ட். விவசாயி சொன்னதோடு பொருந்துகிறது. மூட்டை என்று எழுதும்போதும் எத்தனை கிலோ மூட்டை என்று கேளுங்கள். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ; வீட்டில் பேசும் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ. விவசாயியின் சொல்லை மாணவர் மாற்ற வேண்டியதில்லை. அதை எழுதி, பக்கத்திலேயே மாற்றிய அளவையும் எழுதினால் முழு மதிப்பெண்.

பரிந்துரைகளுக்குத் திரும்புகிறேன். அளவீட்டோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு நான் தேடுவது ஒன்றே: இந்த வயலில், இந்த வாரத்தில் இதைச் செய்ய முடியுமா?

சரியான பரிந்துரையாகவே இருந்து, காலம் கடந்து வருபவை நம் அறிக்கைகளில் மிக அதிகம். ‘நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட வேண்டும்’ என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். குருத்துப்பூச்சி நாற்றின் இலை நுனிப் பக்கம் முட்டை இடுவதால், நுனியைக் கிள்ளுவது நல்ல வழிதான். ஆனால் பயிர் நட்டு 25 நாள் ஆகிவிட்டது. அதேபோல் ஒரு குழு சதுர மீட்டர் சட்டத்தை வைத்து ஐந்து இடங்களில் குத்துகளை எண்ணியது: 31, 28, 34, 30, 27. சராசரி 30. வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டரும் குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டரும் விட்டு நட்டிருந்தால் 50 குத்துகள் இருக்க வேண்டும். குறை தெளிவாகத் தெரிகிறது, அளவீடும் அருமை. ஆனால் பரிந்துரை ‘உடனே பாடுவாசி நிரப்ப வேண்டும்’ என்று இருந்தது. பாடுவாசி நிரப்புவது நட்ட ஏழு முதல் பத்து நாட்களுக்குள் செய்ய வேண்டிய வேலை. இப்போது நட்டால், புதிய நாற்று பழைய பயிரின் நிழலில் நின்று பிந்தி முதிரும். அறுவடையின்போது பச்சை நெல் கலக்கும். ‘அடுத்த நடவில் நடவு ஆட்களிடம் இடைவெளியை முன்பே சொல்லி, முதல் நாளே சட்டம் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அதே அளவீட்டிலிருந்து பயனுள்ள பரிந்துரை வந்திருக்கும். இப்படிப்பட்ட பரிந்துரைகளுக்கு நான் பாதி மதிப்பெண் தருகிறேன், பக்கத்தில் ‘எப்போது?’ என்று எழுதிவிடுகிறேன்.

இதற்கு மாறாக, ஒரு மாணவி டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்ற முட்டை ஒட்டுண்ணியை நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும் வயலில் விடலாம் என்று எழுதியிருந்தார். பயிர் 25ஆம் நாளில் இருக்கிறது. ஏற்பாடு செய்ய ஐந்து நாள் கையில் இருக்கிறது. ஒட்டுண்ணி அட்டை கிடைக்குமா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்க வேண்டும் என்றும், அட்டை கட்டும் நாட்களில் பூச்சிக்கொல்லி அடிக்கக் கூடாது என்றும் சேர்த்திருந்தார். 7க்கு 7. அன்றைய எண்ணிக்கைக்கு இந்தச் செலவு தேவையா என்று கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் நான் கேட்கவும் செய்தேன். “மூணாவது இடத்துல ஒண்ணுமில்ல சார், நாலாவது இடத்துல மட்டும் பாத்துட்டு, கூடுச்சுன்னா கட்டலாம்” என்றார். இந்தப் பதிலை அறிக்கையிலும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன்.

பரிந்துரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதையும் ஒருமுறை பாருங்கள். முதல் வரியில் குருத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தச் சொல்லிவிட்டு, மூன்றாம் வரியில் ‘பயிர் செழிக்க யூரியா கூடுதலாக இட வேண்டும்’ என்று எழுதுவார்கள். தழைச்சத்து மிகுந்த பயிரில் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவும் அதிகம் வரும். யூரியா என்று எழுதினால் எவ்வளவு, எதை வைத்து என்று கேட்க வேண்டும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தார்களா? அப்படியானால் முழுதாக விரிந்த மேல் இலைகள் பத்தில் எத்தனை குறைவாக இருந்தன? யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து. 10 கிலோ தழைச்சத்து தேவை என்றால் ஏறத்தாழ 22 கிலோ யூரியா வேண்டும். இந்த வகுத்தல் இல்லாத உரப் பரிந்துரை விவசாயிக்கு உதவாது.

மருந்தின் பெயரை எழுதும் மாணவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். சேதநிலையைத் தாண்டியிருந்தாலும், மருந்தையும் அளவையும் மாணவர் முடிவு செய்ய வேண்டாம். ‘எண்ணிக்கையோடு உதவி வேளாண்மை அலுவலரை அணுக வேண்டும்’ என்று எழுதினால் போதும். பதினாறு வயதுப் பிள்ளை கடையில் கேட்ட பெயரைப் பரிந்துரையாக எழுத, அதற்கு நாம் சரி போட்டுத் தருவது பொருத்தமில்லை.

ஒரு வாரம் கழித்து 32ஆம் நாள் நான்கு மாணவர்கள் மிதிவண்டியில் போய் மீண்டும் எண்ணி வந்தார்கள். முதல் முறை எண்ணிய குத்துகளில் குச்சி நட்டுச் சிவப்பு நூல் கட்டியிருந்ததால் அதே 20 குத்துகளை எண்ண முடிந்தது. இப்போது 310 தூர்கள், காய்ந்தவை 10. பாதிப்பு 3.2 சதவீதம். ‘பாதிப்பு குறைந்துள்ளது’ என்று எழுதினார்கள். சதவீதம் குறைந்தது உண்மை; காய்ந்த தூர் ஒன்று கூடியிருப்பதும் உண்மை. தூர்கள் பெருகியதால் வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க, அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, ‘காய்ந்த தூர் குறைந்ததா?’ என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன். இரண்டு பேர் சரியாகத் திருத்தி எழுதினார்கள்: புதிய தாக்குதல் மிகக் குறைவு, பயிர் தூர் கட்டி ஈடு செய்துகொண்டது, மருந்து இன்னும் தேவையில்லை. வயல்காரர் அந்தப் பருவத்தில் குருத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கவில்லை. கதிர் வரும்போது சேதநிலை 2 சதவீத வெண்கதிர் என்று மாறிவிடுவதால், அப்போது ஒருமுறை எண்ண வேண்டும் என்பதையும் அறிக்கையின் கடைசி வரியாகச் சேர்த்தார்கள்.

குழுவாகப் போகும்போது எல்லா அறிக்கைகளிலும் ஒரே எண்கள் வருவது இயல்பு. அதைக் குறையாகக் கருத வேண்டாம். எண்ணிக்கை அட்டவணை குழுவுக்குப் பொதுவாக இருக்கட்டும். உற்றுநோக்கலும் பரிந்துரையும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். ஐயம் இருந்தால் வாய்மொழியாக ஒரே கேள்வி போதும்: “காய்ஞ்ச குருத்தை இழுத்தப்ப என்ன ஆச்சு?” இழுத்தவர் உடனே சொல்லிவிடுவார்.

தொடக்க வகுப்புகளில் வயலுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதே முறையைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சதவீதமும் சேதநிலையும் வேண்டாம். பழைய மிதிவண்டி டயர் ஒன்றை வயலில் போட்டு, அதற்குள் எத்தனை குத்து என்று மூன்று இடங்களில் எண்ணச் சொல்லலாம். எந்த இடத்தில் அதிகம், ஏன் என்று ஒரு வரி, வயல்காரத் தாத்தாவிடம் அதைச் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதட்டும். மூன்று எண்களும் வெவ்வேறாக இருந்தால், கூட்டித் தராமல் அப்படியே எழுதியிருந்தால், அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.